உறைந்த இறாலை ஐஸோடு நிறுத்ததும் உருகிய பின் நிறுத்ததும்: உங்கள் அனுபவங்கள்

வெள்ளவத்தை மாடிவீடு

என் அறைத்தோழன் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவன். எதையும் தராசில் வைக்காமல் வாயில் வைக்கமாட்டான். நேற்று மாலை உறைபெட்டியிலிருந்து உரித்த இறாலைக் கல்லுப்போல அள்ளித் தராசில் கொட்டினான். 250 கிராம். செயலியில் 'பச்சை இறால் 250' என்று பதிந்தான், 50 கிராம் புரதம் வந்தது, மகிழ்ச்சி. ஐஸையும் சேர்த்தல்லவா நிறுத்தாய் என்றேன். பொதியில் நிகர எடை என்றுதான் போட்டிருக்கிறார்கள், ஐஸ் அதற்குள் வராது என்றான்.

வாக்குவாதம் செய்யாமல் அதே இறாலை வடிதட்டில் போட்டு, அடியில் ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டுக் கடைக்குப் போய் வந்தேன். கிண்ணத்தில் நின்றதை அளவுக் கோப்பையில் ஊற்றி அவன் முன்னால் வைத்தேன். 60 மில்லிலீட்டர். கலங்கிய சாம்பல் நிறம், ஓரத்தில் சிறு நுரை. இறாலைத் திரும்ப நிறுத்தால் 190. அவன் கோப்பையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இதிலும் புரதம் இருக்கும்தானே, குழம்பில் ஊற்று" என்றான். எனக்கு உடனே பதில் வரவில்லை, அதுதான் உறுத்துகிறது. இப்படி உருக்கிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தெஹிவளை கணக்கர்

உங்கள் தோழர் சொன்னது சரி. நிகர எடையில் ஐஸ் சேராது. நான் வாங்கும் பொதியில் நிகரம் 400 கிராம் என்று இருக்கும், அதை நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 100. கிண்ணமும் வேண்டாம், கோப்பையும் வேண்டாம். இதற்குள் என்ன அனுபவம் இருக்கிறது?

கொட்டாஞ்சேனை ராணி

கடைகளில் ஐஸ் போட்டு ஏமாற்றுவது புதிதா என்ன? பேலியகொடையில் ஒருமுறை அறுக்குளா வாங்கினேன். நிறுக்கும்போது செவுளுக்குள் ஐஸ்கட்டி. நான் விரலை விட்டு எடுத்து அவருடைய தட்டிலேயே போட்டேன். அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

பிள்ளைகளே, உறைந்ததை வாங்குவதை விடுங்கள். விடியற்காலையில் போங்கள். கண் துருத்திக்கொண்டு தெளிவாக இருக்கவேண்டும், செவுள் சிவப்பாக இருக்கவேண்டும், விரலால் அழுத்தினால் குழி நிற்கக்கூடாது. இறாலென்றால் தலை இறுக்கமாக ஒட்டியிருக்கவேண்டும், தலையடி கறுத்திருந்தால் தொடவேண்டாம். வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் தூளும் எலுமிச்சம்புளியும் போட்டுக் கழுவி, ஒருநேரச் சமையலுக்கு வேண்டிய அளவாகப் பிரித்துத் தட்டையாகப் பரப்பி உறையவிடுங்கள். கட்டியாகப் போட்டால் எடுக்கும்போது முழுவதையும் உருக்கவேண்டி வரும். ஓட்டையும் தலையையும் எறியவேண்டாம், வறுத்து அரைத்தால் சொதிக்கு நல்ல மணம்.

வெள்ளவத்தை மாடிவீடு

நன்றி அக்கா. ஆனால் நான் கேட்டது ஏமாற்றைப் பற்றியல்ல. கடைக்காரர் சரியாகத்தான் தந்திருக்கிறார், பதிந்த கணக்குத்தான் பிழை.

பழைய ஆலைக்காரர்

சிலாபம் பக்கம் ஏற்றுமதிக்காக இறால் பதனிடும் ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன். இந்த ஐஸ் பூச்சைத் தினமும் பார்த்த கை இது.

முதலில் ஒன்று: ஐஸ் பூச்சு ஏமாற்று அல்ல. தனித்தனியாக உறையவைத்த இறாலைக் குளிர்நீரில் முக்கியெடுத்தாலோ மேலே நீர் தெளித்தாலோ மெல்லிய ஐஸ் ஓடு பிடித்துக்கொள்ளும். அது இல்லாவிட்டால் உறைபெட்டியின் வறண்ட குளிரில் சதை உலர்ந்து வெள்ளை வெள்ளையாகத் திட்டுப்படும், கொழுப்பும் காறும். எவ்வளவு பூச்சு என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு. பத்து வீதத்துக்குள் நிறுத்துகிறவர்களும் உண்டு, இருபதைத் தாண்டுகிறவர்களும் உண்டு.

கணக்கர் தம்பி சொல்வது பாதி சரி. முழுப் பொதியையும் உருக்கி நாலாகப் பிரித்தால் அவருடைய கணக்கு நிற்கும். மாடிவீட்டுத் தம்பியின் தோழர் பொதியைப் பிரிக்கவில்லை, உறைந்ததை அள்ளித் தராசில் வைத்தார். தராசுக்கு நிகர எடை தெரியாது.

நான் மறக்காத ஒன்று. வெளிநாட்டு வாங்குநரின் ஆள் ஒருவர் வந்து ஒரு பொதியை உடைத்தார். உறைந்த இறாலைச் சல்லடையில் கொட்டி, குளிர்நீரை மெல்லத் தெளித்து, விரலால் புரட்டிக்கொண்டே இருந்தார். விரலுக்கு வழுக்கல் நின்று சதையின் சொரசொரப்புத் தட்டியதும் நீரை நிறுத்தினார். உள்ளே சதை இன்னும் கல்லாகவே இருந்தது. சல்லடையைச் சாய்த்து 2 நிமிடம் வடியவிட்டு நிறுத்தார். எங்கள் மேலாளர் அந்த 2 நிமிடமும் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை. அந்த எடைதான் நிகர எடை.

இனிக் கோப்பைத் தண்ணீருக்கு வருகிறேன். அது இரண்டு தண்ணீர். பெரும்பகுதி பூச்சு, வெறும் நீர். மீதி சதை உருகும்போது கசிந்தது. கலங்கலும் நுரையும் அதிலிருந்து வந்தவை, நீரில் கரையும் புரதம் கொஞ்சம் அதில் உண்டு. அதனால் தோழர் முழுப் பொய் சொல்லவில்லை. ஆனால் சில கிராம் கசிவுக்குள் இருக்கும் புரதம் ஒரு கிராமை எட்டினாலே பெரிது. அவருக்குக் குறைவது 12 கிராம்.

இன்னொன்று தம்பி, கொழும்பு வெக்கையில் இறாலை வெளியே வைத்து உருக்கவேண்டாம். வடிதட்டோடு குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரவு முழுக்க வையுங்கள். தண்ணீரில் ஊறப்போட்டு உருக்கினாலும் பிழைதான், சதை நீர் குடித்து எடை திரும்ப ஏறும்.

தெஹிவளை கணக்கர்

சரி ஐயா, அப்படியென்றால் ஒரு பெருக்கல் போதுமே. உறைந்த பொதியின் மொத்த எடை 500, நிகரம் 400. ஆகவே அள்ளுவது எதுவானாலும் 0.8ஆல் பெருக்கினால் முடிந்தது. ஒவ்வொரு முறையும் உருக்கி நிறுக்க யாருக்கு நேரம்?

பழைய ஆலைக்காரர்

முழுப் பொதிக்கு 0.8. கைப்பிடிக்கு அல்ல. சின்ன இறாலுக்கு எடையோடு பார்த்தால் மேற்பரப்பு அதிகம், அதனால் அதே பொதியில் சின்னவை கூடுதல் ஐஸ் சுமக்கும். உடைந்த பூச்செல்லாம் பொதியின் அடியில் சேரும். முதல் அள்ளலுக்கும் கடைசி அள்ளலுக்கும் ஒரே எண் பொருந்தாது.

பொதிக்குள் உதிரியாக வெண்பனி நிறைந்திருந்தால் அது வேறு கதை. பூச்சென்றால் கண்ணாடிபோல இறாலை ஒட்டியிருக்கும். உதிரிப்பனி பெரும்பாலும் சதையிலிருந்தும் பூச்சிலிருந்தும் வெளியேறிய ஈரம். 2022இல் மின்வெட்டு நாள்களில் வீட்டு உறைபெட்டிகளில் உருகி உருகித் திரும்ப உறைந்த பொதிகளை நினைத்துப்பாருங்கள். அதில் எந்தப் பெருக்கல் நிற்கும்?

இரத்மலானை மகள்

என் அம்மாவுக்கு வாரம் மும்முறை இரத்தச் சுத்திகரிப்பு நடக்கிறது. புரதம் குறையக்கூடாது என்று சொல்லி, சாப்பிட்டதை எழுதிவரச் சொன்னார்கள். வீட்டில் எலும்பில்லாத வெள்ளை மீன் துண்டுதான், உறைந்தது. முள் இல்லாததால் அம்மாவுக்குச் சுலபம்.

ஒருநாள் துண்டைச் சட்டியில் போட்டேன். பொரியவில்லை, அவிந்தது. சட்டி முழுக்க வெள்ளைத் தண்ணீர், நடுவில் துண்டு சுருங்கிச் சுருங்கி உள்ளங்கை அளவாகிவிட்டது. அம்மா எட்டிப் பார்த்து, "மீதி எங்கே பிள்ளை?" என்றார். கொப்பியில் 150 கிராம் என்று எழுதியிருந்தது. அந்த வாரம் முழுக்க கொப்பியில் புரதம் நிறைவாக இருந்தது, அம்மாவோ மெலிந்துகொண்டு போனார். இப்போது உருக்கித் துடைத்து நிறுத்துத்தான் எழுதுகிறேன். ஆனாலும் எனக்கொரு சந்தேகம்: உருக்கின பிறகும் சட்டியில் இவ்வளவு தண்ணீர் வருகிறதே, அது எங்கேயிருந்து வருகிறது?

பொரளை ஜிம்காரன்

கூடுதலாகக் கணக்கிட்டால் என்ன கெட்டுப்போகும்? கலோரி கூடக் காட்டினால் நாம் குறைவாகச் சாப்பிட்டிருப்போம். எடை குறைக்க நல்லதுதானே. நான் இரண்டு வருடமாக ஐஸோடுதான் நிறுக்கிறேன்.

இரத்மலானை மகள்

தம்பி, உங்களுக்கு நல்லது. என் அம்மாவுக்கு அல்ல.

பழைய ஆலைக்காரர்

மகளே, அந்தத் தண்ணீர் சதைக்குள் ஏற்றப்பட்டதாக இருக்கலாம். பொதியின் பின்பக்கம் சேர்பொருள் வரிசையைப் பாருங்கள். பொஸ்பேட் என்றோ 451, 452 போன்ற எண்களோ இருந்தால், உறையவைக்கும் முன் மீனை அந்தக் கரைசலில் ஊறவைத்திருக்கிறார்கள். அது சதையில் நீரைப் பிடித்து வைக்கும். ஐஸ் பூச்சைக் கழுவலாம், உருகிய கசிவை வடிக்கலாம், இந்த நீர் மட்டும் தராசில் மறைந்தே இருக்கும். இறாலென்றால் உருகிய பிறகும் கண்ணாடிபோல வழவழவென்று, அளவுக்கு மீறித் துள்ளலாக இருக்கும். அடுப்பில் ஏறியதும் வெண்ணுரை தள்ளிச் சுருங்கும்.

அப்படியான பொதிக்குச் செயலியில் உள்ள பொது எண் உதவாது. ஊறவைக்காத பச்சை இறாலில் 100 கிராமுக்குப் புரதம் ஏறக்குறைய 20 கிராம், கலோரி 85. பொதியிலேயே புரதம் 14 என்று அச்சிட்டிருந்தால் அந்த 14ஐத்தான் எடுக்கவேண்டும், அதையும் உருகி வடிந்த எடையோடு. 190 கிராமுக்கு 38 அல்ல, 27 கிராம்கூட வராது. ஐஸைவிட இது பெரிய ஓட்டை.

வெள்ளவத்தை மாடிவீடு

மீதியிருந்த பொதியில் ஐயா சொன்னபடி செய்து பார்த்தோம், தோழனே தராசைப் பிடித்தான். எங்கள் பொதியில் பொஸ்பேட் இல்லை.

ஐஸோடு 250. குழாய்நீரில் விரலால் புரட்டினோம். கொழும்புக் குழாய்நீர் வெதுவெதுப்பு, ஐயா பார்த்த குளிர்நீர் அல்ல, கண்மூடித் திறப்பதற்குள் வழுக்கல் போய்விட்டது. வடித்துத் துடைத்தால் 203. குளிர்சாதனப் பெட்டியில் இரவு வைத்துக் காலையில் 191. எண்ணெய் விடாமல் சட்டியில் வாட்டியதும் 155. பச்சை எண்ணால் 191க்கு 38 கிராம் புரதம், 162 கலோரி. வெந்த இறாலுக்கு 100 கிராமில் 24 என்று எடுத்தால் 155க்கு 37. இரண்டும் ஒட்டி வந்தன. இதற்கு முன் அவன் சில நாள் 'வெந்த இறால்' என்ற வரியைத் தேர்ந்து உறைந்த எடையைப் போட்டிருக்கிறான். 60 கிராம் காட்டியிருக்கிறது!

தெஹிவளை கணக்கர்

203ஐ 250ஆல் வகுத்தால் 0.81. என் 0.8 பிழையில்லை என்று பதிவு செய்துகொள்கிறேன்.

பழைய ஆலைக்காரர்

பொதியின் அடியில் மிஞ்சியதை நிறுத்துவிட்டு வாருங்கள்.

தெஹிவளை கணக்கர்

நிறுத்தேன். ஐஸோடு 120, கழுவியதும் 86. உதிரி ஐஸ் நிறைய இருந்தது, அதைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்பது என் வாதம்.

கொட்டாஞ்சேனை ராணி

மா பூசி உறையவைத்த இறாலை எப்படி நிறுப்பீர்கள்? கழுவினால் மா போய்விடுமே. என் மகன் அதைத்தான் கேட்கிறான்.