பழைய ஃபேர்வெல் வீடியோவில் சிரித்ததெல்லாம் இப்போது ஏன் நெருடுகிறது? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

கோவை பேட்ச் 2012
எங்கள் இன்ஜினியரிங் பேட்ச் ரீயூனியனுக்காக 2012 ஃபேர்வெல் வீடியோவை எடிட் செய்யும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. அதில் பெரும்பகுதி 'அவார்ட்ஸ்'. ஒவ்வொருவரையும் மேடைக்குக் கூப்பிட்டு, ஒரு பட்டம் கொடுத்து ஓட்டுவார்கள்.

ஒரு நண்பனுக்கு 'இன்வெர்ட்டர் அவார்ட்' கொடுத்தார்கள். "கரண்ட் போனா இவனைத் தேடவே முடியாது, சிரிச்சாத்தான் கண்டுபிடிக்கலாம்" என்று அறிவிப்பாளர் சொன்னதும் அரங்கமே அதிர்ந்தது. அந்த ஆண்டு மின்வெட்டை நினைத்துப் பாருங்கள். சென்னையைத் தாண்டினால் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் போய்விடும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் செமஸ்டருக்குப் படித்தவர்கள் நாங்கள். 'கரண்ட்' என்ற சொல்லைக் கேட்டாலே சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும்.

இப்போது கல்லூரியில் படிக்கும் என் அக்கா பெண்ணிடம் அதைப் போட்டுக் காட்டினேன். அவளுக்கு அந்த மின்வெட்டு ஞாபகமே இல்லை. "அந்த அண்ணா கருப்பா இருக்காருன்னு எல்லாரும் சிரிக்கிறாங்களா சித்தி?" என்று கேட்டாள். அந்த ஜோக்கில் மின்வெட்டும் இருந்தது, நிறமும் இருந்தது. மின்வெட்டு போய்விட்டது, நிறம் மட்டும் மிச்சம். இதைப் போடுவதா, வெட்டுவதா? இப்படிப் பழைய கலாய்ப்பு திரும்பி வந்த அனுபவம் உங்களுக்கு உண்டா?

மதுரை மைக்
பழசை இன்றைய கண்ணாடி போட்டுப் பார்க்கக் கூடாது. அப்போது யாரும் கோபப்படவில்லையே. சம்மதித்து மேடை ஏறினவரை ஓட்டினால் தப்பே இல்லை. சம்மதம் இருந்ததா என்பது ஒன்றுதான் கேள்வி.

மேடைக்குப் பின்னால்
கம்பெனி விழாக்களுக்கு ஸ்கிரிப்ட் எழுதுவது என் தொழில். சம்மதம் முக்கியம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது மட்டும் போதாது. ஒருவரை உட்கார வைத்து எல்லாரும் ஓட்டுகிற அமெரிக்க ரோஸ்ட் மேடையில் ஒரு வழக்கம் உண்டு: திட்டு வாங்கினவருக்குத்தான் கடைசி மைக். எல்லாரையும் அவர் திருப்பி அடித்துவிட்டுத்தான் நிகழ்ச்சி முடியும். அந்தக் கடைசி மைக் இல்லாத இடத்தில் சொன்ன ஜோக்குகள்தான் பெரும்பாலும் கெட்டுப்போகின்றன.

2007 ஜூன் 3, எம்டிவி திரைப்பட விருது விழா. தொகுத்து வழங்கியவர் நகைச்சுவைக் கலைஞர் சாரா சில்வர்மேன். ஹில்டன் ஹோட்டல் குடும்பத்துப் பிரபலம் பாரிஸ் ஹில்டன் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கில் நன்னடத்தை விதியை மீறியதற்காக அன்றிரவே அவர் சிறைக்குப் போக வேண்டும். அந்த வாரம் ஊரெல்லாம் இதே பேச்சு. சில்வர்மேன் அதை வைத்து ஆபாசமாக ஒரு ஜோக் அடிக்கிறார். அரங்கம் கைதட்டுகிறது, கேமரா ஹில்டன் முகத்துக்குப் போகிறது. பதில் சொல்ல அவருக்கு மைக் கிடையாது.

அன்று அந்த ஜோக்குக்கு அடியில் இருந்த நினைப்பு, 'திமிர் பிடித்த பணக்காரப் பெண், இவளுக்கு வேண்டும்' என்பதுதான். 2020-இல் வந்த ஆவணப்படத்தில், டீனேஜில் தங்கிப் படித்த பள்ளியில் தனக்கு நடந்த கொடுமைகளை ஹில்டன் சொன்னார். ஜோக்கில் ஒரு வார்த்தை மாறவில்லை. அது யார் மேல் விழுந்தது என்பது மாறிவிட்டது. 2021-இல் அந்தப் பழைய காட்சி மறுபடி பேச்சானது, சில்வர்மேன் தன் பாட்காஸ்டில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

செய்தியை வைத்து ஜோக் எழுதுகிறவன் பாதிக் கதை தெரிந்த நாளில் எழுதுகிறான், மீதிக் கதை பிறகுதான் வருகிறது. நான் பயப்படுவது இதற்குத்தான்.

'அந்தக் காலம் அப்படி' என்பதையும் நான் முழுதாக ஏற்க மாட்டேன். அதே 2007 பிப்ரவரியில் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் மொட்டை அடித்துக்கொண்டபோது பல நிகழ்ச்சிகளில் கேலி ஓடியது. ஆனால் கிரெய்க் ஃபெர்குசன் தன் இரவு நிகழ்ச்சியில் "நான் அவரைப் பற்றி ஜோக் சொல்லப் போவதில்லை" என்று அறிவித்து, தன் குடிப்பழக்கத்திலிருந்து மீண்ட கதையைப் பேசினார். அந்தக் காலத்திலேயே தெரிந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மதுரை மைக்
பதில் சொல்ல மைக் கிடைக்க வேண்டும் என்பது சரி. அதைச் சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் ரோஸ்ட் என்று தெரிந்தே போய் உட்கார்ந்தவர்கள் அப்புறம் புகார் சொல்லலாமா?

நிலக்கரி
சொல்லலாம். 2016-இல் நடிகை தன்னிஷ்டா சட்டர்ஜி ஒரு இந்தி நகைச்சுவை நிகழ்ச்சிக்குத் தன் படத்தின் விளம்பரத்துக்காகப் போனார். ரோஸ்ட் என்று தெரிந்துதான் போனார். அங்கே திரும்பத் திரும்ப அவருடைய கருப்பு நிறம் மட்டும்தான் ஜோக். பாதியில் எழுந்து வந்து ஃபேஸ்புக்கில் விரிவாக எழுதினார், சேனல் மன்னிப்புக் கேட்டது. தன்னை ரோஸ்ட் செய்ய ஒத்துக்கொண்டவர், தன் நடிப்பையும் படத்தையும் பேச்சையும் ஓட்டுவார்கள் என்று ஒத்துக்கொள்கிறார். தோலை ஓட்டுவதற்கு அவர் எங்கே கையெழுத்துப் போட்டார்?

சம்பந்தி வீட்டார்
எங்கள் பாட்டி நலங்கில் சம்பந்தி ஏசல் பாடுவார். சம்பந்தி வீட்டு மூக்கு, கஞ்சத்தனம், சாம்பார் எதையும் விடமாட்டார். அடுத்த நிமிடமே அவர்கள் எழுந்து திருப்பிப் பாடுவார்கள். மேலே சொன்ன கடைசி மைக் எங்களிடம் அப்போதே இருந்திருக்கிறது! பாட்டு அந்தக் கூடத்தோடு முடிந்தது. சித்தப்பா கல்யாணத்தில்தான் முதல்முறை வீடியோ எடுத்தார்கள். அதில் எங்கள் பக்கப் பாட்டு மட்டும் பதிவாகியிருக்கிறது, அவர்கள் பதில் பாடும்போது வீடியோக்காரர் சாப்பிடப் போய்விட்டாராம். அந்தக் கேசட்டைப் போடும்போதெல்லாம் சித்தி முகம் வாடும்.

ராமநாதபுரம்
எனக்கும் இதே பிரச்சினை. ஃபேஸ்புக்கில் 2010 வாக்கில் போட்ட பழைய பதிவுகளை எப்படி மொத்தமாக நீக்குவது?

மேடைக்குப் பின்னால்
ப்ரொஃபைலில் Activity log போய், ஆண்டை வைத்து வடிகட்டி, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து Archive அல்லது Trash-க்கு அனுப்பலாம். Trash-இல் போட்டது 30 நாளில் போய்விடும். ஆனால் அடுத்தவர் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுக்கு இது செல்லாது.

பேர் வேண்டாம்
ஓட்டு வாங்கின பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். முந்தைய ஆபீஸில் என் உடம்பை வைத்து ஒரு லிஃப்ட் ஜோக். ஃபேர்வெல்லில் மேனேஜரே மைக்கில் சொன்னார். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன், வேறு என்ன செய்ய முடியும்? போன வருடம் அந்த வீடியோவைக் குரூப்பில் யாரோ மறுபடி போட்டார்கள். 'பிடிக்கவில்லை' என்று எழுதினேன். 'நீங்களே சிரிச்சீங்களே' என்று என் சிரிப்பையே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினார்கள். அதனால் கோவை தோழி, உங்கள் நண்பர் வீடியோவில் சிரிக்கிறார் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கோவை பேட்ச் 2012
அவனிடமே கேட்டுவிட்டேன். "அப்படியே போடு, நான் ஜாலியாத்தான் எடுத்துக்கிட்டேன்" என்கிறான். பேட்ச் குரூப்பில் எல்லாருக்கும் முன்னால் கேட்டதால் அப்படிச் சொன்னானோ என்று உங்கள் பதிலைப் படித்ததும் தோன்றுகிறது. தனியாகக் கூப்பிட்டு ஒருமுறை பேசப் போகிறேன். அதற்குள் மற்றதில் வேலை நடக்கிறது: ரெக்கார்டு நோட்டைக் கடன் வாங்கித் திருப்பித் தராதவன், அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்தை எட்டவே எட்டாதவள், இவர்களுடைய அவார்டெல்லாம் இருக்கும். அவற்றை அக்கா பெண்ணும் பார்த்துச் சிரித்தாள், விளக்கம் கேட்கவில்லை.

மதுரை மைக்
அவன் தனியாகவும் 'போடு' என்றே சொன்னால்?

நிலக்கரி
அப்போதும் வெட்டுவேன். ரீயூனியனுக்கு அவன் பிள்ளைகளும் வருவார்கள்.

பேர் வேண்டாம்
நான் வெட்ட மாட்டேன். அது அவன் முடிவு. இங்கேயும் அவனுக்காக நாமே பேசினால் எப்படி?