[கலைச்சொல்] அடாப்டர், பிரிஃபிக்ஸ் டியூனிங்: என்ன பெயர் வைக்கலாம்?

சுகந்தி, கொழிஞ்சாம்பாறை

எல்லாருக்கும் வணக்கம். மொழி மாதிரிகளை நம் தேவைக்குப் பழக்குவது பற்றித் தமிழில் ஒரு கையேடு தயாராகிறது. ஃபைன் டியூனிங்குக்கு 'நுண்சீராக்கம்' என்று முடிவாகிவிட்டது. மாதிரியை உறைய வைத்துவிட்டு, கூடுதலாகச் சேர்த்த சிறு பகுதியை மட்டும் பழக்கும் இரண்டு முறைகளுக்குத்தான் சொல் வேண்டும். இப்போதைக்கு அடாப்டர் என்பதற்குத் 'தகவி', பிரிஃபிக்ஸ் டியூனிங் என்பதற்கு 'முன்னொட்டுச் சீராக்கம்' என்று வைத்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டு இதுதான்: சித்தூர் வட்டாரத்து விவசாயிகளின் குறுஞ்செய்திகளைத் தண்ணீர், விலை, பூச்சி, மற்றவை என்று நான்காகப் பிரிக்க வேண்டும். அடிமாதிரி `xlm-roberta-base`. இங்கே "ஆளியாறு வெள்ளம் எப்ப வரும்?" என்று ஒருவர் எழுதினால் அவர் கேட்பது பாசனத் தண்ணீரை. மற்ற ஊர்த் தமிழில் அது பேரிடர்ச் செய்தி. ஊருக்கு ஒரு முழு மாதிரி வைத்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1.1 ஜிபி ஆகும். அதனால்தான் இந்தச் சிறு முறைகள்.

வரதராஜுலு, குப்பம்

எங்க ஆந்திரச் சித்தூரா, உங்க பாலக்காட்டுச் சித்தூராம்மா? எங்க பக்கம் வெள்ளம் என்றால் வெள்ளம்தான்!

'தகவி' சரி. 'முன்னொட்டு' என்பதிலும் தவறில்லை. தெலுங்கில் உபசர்க்கம் என்கிறோமே, அதே இடம்தான். செய்திக்கு முன்னால் நாம் ஒரு கட்டளை வாக்கியம் எழுதுவோம் இல்லையா, அதை நாம் எழுதாமல் மாதிரியே கற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். அதற்கு 20 சொல்லிடம், இடத்துக்கு 768 எண் என்று வைத்தால் 20 × 768 = 15,360 எண்கள். ரொம்பச் சின்னது.

ஆறுமுகம், தத்தமங்கலம்

வரதராஜுலு சொல்லும் 15,360 உண்மையான கணக்குத்தான், ஆனால் அது வேறு முறைக்கு உரியது. உள்ளீட்டு அடுக்கில் மட்டும் கற்ற திசையன்களைச் சேர்ப்பது பிராம்ப்ட் டியூனிங். லெஸ்டர் குழுவினர் 2021இல் எழுதியது. அதே ஆண்டு லீயும் லியாங்கும் முன்வைத்த பிரிஃபிக்ஸ் டியூனிங், ஒவ்வொரு அடுக்கின் கவனப் பகுதிக்கும் தனித்தனியாகத் திறவும் மதிப்பும் கொடுக்கிறது. 12 அடுக்கு, இரண்டு வகை, 20 இடம், 768 அகலம்: 3,68,640 எண்கள். இந்த இடங்கள் எதையும் கேட்பதில்லை. செய்தியின் சொற்கள் இவற்றைப் பார்க்கும். இவை யாரையும் பார்க்கா. இவற்றைச் சொல்லாக மாற்றிப் படிக்கவும் முடியாது. 'முன்னொட்டு' என்றால் நம் ஆள் 'அ-நியாயம்' போல எழுத்து ஒட்டுவதாகத்தான் நினைப்பார். வரதராஜுலுவே அப்படித்தான் படித்திருக்கிறார்.

கையேட்டில் இன்னொன்றையும் எழுத வேண்டும். இந்த எண்களை நேரடியாகப் பழக்கினால் பயிற்சி நிலையில்லாமல் போகும் என்று மூலக் கட்டுரையே சொல்கிறது. அதனால் பயிற்சியின்போது மட்டும் ஒரு சிறு வலை இவற்றை உருவாக்கித் தரும். PEFT நிரலகத்தில் இப்படி:

```python
PrefixTuningConfig(task_type="SEQ_CLS", num_virtual_tokens=20,
                   prefix_projection=True, encoder_hidden_size=768)
```

அப்போது இந்தப் பகுதியில் மட்டும் பழகும் அளபுருக்கள் 1,47,80,160 ஆகிவிடும். 'சிக்கனம் என்றார்களே, கோடியைத் தாண்டுகிறதே' என்று பயப்பட வேண்டாம். பயிற்சி முடிந்ததும் வலையை விட்டுவிட்டு அது தந்த 3,68,640 எண்களை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

இனி அடாப்டர். ஹவுல்ஸ்பி குழுவினரின் 2019 வடிவத்தில் ஒவ்வொரு அடுக்கிலும் இரண்டு: கவனப் பகுதிக்குப் பின் ஒன்று, முன்னூட்ட வலைக்குப் பின் ஒன்று. 768ஐ 64ஆகச் சுருக்கி, மறுபடி 768ஆக விரித்து, வந்த உள்ளீட்டோடு கூட்டும். ஒன்றுக்கு 99,136, 24க்கு 23,79,264. ஏறத்தாழ 9.5 எம்பி. விரிக்கும் பகுதியின் எடைகளைச் சுழியத்துக்கு அருகில் வைத்துத் தொடங்குவதால் முதல் நொடியில் அது எதையுமே மாற்றுவதில்லை. வந்தது அப்படியே போகும். 'தகவி' என்றால் மின்சாரத் தகவிதான் நினைவுக்கு வரும். அது முதல் நொடியிலிருந்தே ஒன்றை வேறொன்றாக மாற்றுவது. என் பரிந்துரை 'இடைச்செருகி'.

பாத்திமா, செங்கோட்டை

பெயர் எதுவானாலும் சரி, எனக்கு வேலை செய்யவில்லையே ஐயா. பிரிஃபிக்ஸ் முறைதான். பயிற்சி முடிந்தவுடன் சோதித்தால் நன்றாக இருக்கிறது. சேமித்து மறுநாள் ஏற்றினால் எல்லாச் செய்தியும் 'மற்றவை'க்குப் போகிறது. இன்னொரு முறை ஏற்றினால் எல்லாம் 'விலை'. கற்றல் வீதம் தவறோ? வழக்கமான 2e-5தான் வைத்தேன். 20 இடம் போதவில்லையா, 100 வைக்கட்டுமா?

ஆறுமுகம், தத்தமங்கலம்

100 வேண்டாம். ஏற்றும்போதெல்லாம் விடை மாறுகிறது என்றால் வகைப்படுத்தும் தலைப்பகுதி கோப்பில் இல்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகத் தற்போக்கு எண்களோடு பிறக்கிறது என்று பொருள். நான்கு வகைக்கு அந்தத் தலையிலேயே 5,93,668 எண்கள், உங்கள் பிரிஃபிக்ஸைவிடப் பெரியது. சேமிக்கும்போது தலைப்பகுதி விடுபட்டால் இப்படி ஆகும். கோப்பைத் திறந்து பாருங்கள்:

```python
from safetensors.torch import load_file
print([k for k in load_file("adapter_model.safetensors")
       if "classifier" in k])
```

வெற்றுப் பட்டியல் வந்தால் அதுதான் காரணம். "newly initialized" என்ற எச்சரிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். அடிமாதிரியை ஏற்றும்போது அது எப்படியும் வரும்.

கற்றல் வீதம் தனிச் சிக்கல். 2e-5 முழு மாதிரிக்கு ஏற்றது. இங்கே 1e-4 முதல் 1e-3 வரை முயன்று பாருங்கள்.

இடங்களின் எண்ணிக்கை வேறு கதை. கவனத்தின் பங்குகள் கூடினால் ஒன்றுதான். செய்தி 10 துண்டு, பிரிஃபிக்ஸ் 20 இடம், எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால், தொடக்கத்திலேயே மூன்றில் இரண்டு பங்கு கவனம் இன்னும் எதுவும் கற்காத எண்களுக்குப் போய்விடும். குறுஞ்செய்திக்கு 5 இடத்தில் தொடங்கலாம். இடைச்செருகிக்கு இந்தத் தொல்லை இல்லை.

வரதராஜுலு, குப்பம்

அந்த ஒவ்வொரு அடுக்கு விஷயத்தை நான் விட்டுவிட்டேன், சரி. ஆனால் 'இடைச்செருகல்' என்றால் தமிழ் படித்தவருக்குக் கம்பராமாயணத்து வெள்ளிப்பாடல்தானே? யாரோ நடுவில் நுழைத்த கள்ளப்பாட்டு. அந்தப் பெயரையா வைப்பது?

ஆறுமுகம், தத்தமங்கலம்

அதனால்தான் வைக்கச் சொல்கிறேன். வெள்ளிப்பாடலை எடுத்துவிட்டால் மூலம் குறையாமல் நிற்கும். இங்கேயும் அப்படித்தான்.

சுகந்தி, கொழிஞ்சாம்பாறை

ஒன்றைக் கவனித்தீர்களா? பாத்திமாக்கா பழக்கியது பிரிஃபிக்ஸ், ஆனால் கோப்பின் பெயர் `adapter_model`. அந்த நிரலகத்தில் கழற்றி மாட்டக்கூடிய எதுவும் அடாப்டர்தான். ஆக, நமக்கு இரண்டு சொல் வேண்டும். கழற்றி மாட்டும் கோப்பு எதுவானாலும் 'தகவி'. அடுக்கின் நடுவே உட்காரும் 64 அகல வலை மட்டும் 'இடைச்செருகி'. ஊருக்கு ஒரு தகவி: கொழிஞ்சாம்பாறைக்கு ஒன்று, குப்பத்துக்கு ஒன்று.

பிரிஃபிக்ஸுக்கு 'முன்னிருத்தி' எப்படி? பயிற்சிக்கு 'முன்னிருத்திச் சீராக்கம்'.

வரதராஜுலு, குப்பம்

தகவி, இடைச்செருகி என்று பிரிப்பதற்கு நான் சம்மதம். 'முன்னிருத்தி' வேண்டாம், முதல் அடுக்குக்கு மேல் என்ன நடக்கிறது என்று அது சொல்லவில்லை. நீங்கள் 'முன்னொட்டை'த் தள்ளியதும் அதே காரணத்துக்குத்தானே? 'அடுக்குமுன்னி' என்றால்?

பாத்திமா, செங்கோட்டை

பட்டியல் வெற்றாகத்தான் வந்தது. தலைப்பகுதியையும் சேமிக்கும்படி மாற்றி, 5 இடம், 1e-3 என்று மறுபடி ஓட்டுகிறேன். 'அடுக்குமுன்னி' என்றால் என் காதில் சமையலறைப் பாத்திரம் மாதிரி விழுகிறது, மன்னிக்கணும்.

சுகந்தி, கொழிஞ்சாம்பாறை

அப்படியானால் இந்தப் பதிப்பில் 'பிரிஃபிக்ஸ் சீராக்கம்' என்றே விடுகிறேன். அடுத்த கேள்வி: 768லிருந்து 64க்குச் சுருங்கும் அந்த இடத்துக்கு 'இடுக்கு' போதுமா?