மணி 60 🙏 திருக்கடையூர் (குடும்பக் குழு)

செல்வி அத்தை: கார்த்தி, ஹோமம் முடிஞ்சு பந்தி போடறதுக்குள்ள அரை மணி நேரம் சும்மாதான் கெடக்கும். நீ அந்த அம்மா-மகன் கூத்த போடு. அண்ணன் சிரிச்சு நாளாச்சு.

பெரியப்பா: வேன் எத்தனை மணிக்கு?

மூர்த்தி மாமா: 👍 அம்மாவா யாரு நடிக்கிறா?

கார்த்தி: ரெண்டும் நான்தான் மாமா.

மூர்த்தி மாமா: அப்ப புடவைய கட்டிட்டு கீச்சுக்குரல்ல பேசு. கைதட்டல் பிச்சுக்கும்.

பிரபா: மாமா, கீச்சுக்குரலுக்கு ஒரு நிமிஷம் சிரிப்பாங்க. அப்புறம் தொண்டை கட்டிக்கும், சொல்றதும் புரியாது. குரல ஏத்த வேணாம், வேகத்த மாத்தினா போதும். அம்மா மூச்சு விடாம நாலு கேள்வி கேப்பா, பையன் இழுத்து இழுத்து ஒத்த வார்த்தைல பதில் சொல்வான். கண்ண மூடிக்கிட்டு கேட்டாலும் யாருன்னு தெரியணும்.

அம்மா: நான் எப்ப மூச்சு விடாம கேட்டேன்? வேட்டி எடுத்து வச்சியாடா? ஆபீஸ்ல லீவு சொல்லிட்டியா? போன ஏன் எடுக்கல? சாப்ட்டியா?

கார்த்தி: ம்ம்ம்.

மூர்த்தி மாமா: 😂😂😂 ஒத்திகை முடிஞ்சுது

பிரபா: அத்தை 😂 வசனம் எழுதவே வேணாம். கார்த்தி, பார்வைய மறந்துடாத. அம்மான்னா வலது பக்கம் கீழ பாரு, பையன்னா இடது பக்கம் மேல பாரு. கடைசி வரைக்கும் பக்கம் மாறக் கூடாது. ஒரு தடவை மாறினாலும் யார் யார்கிட்ட பேசறாங்கன்னு குழம்பிடும், சிரிப்பு நின்னுடும்.

ராஜி சித்தி: ஒரே ஆளு எப்படி ரெண்டு பேர்? கூட ஒரு ஆள் கிடைக்கலன்னா எங்க தியாவ மகனா போடுங்க. அவ பரதத்துல கிருஷ்ணன் மண்ணு தின்னதுக்கு ஆடுவா. யசோதையும் அவதான், கிருஷ்ணனும் அவதான். வேஷம் கூட மாத்த மாட்டா.

பிரபா: ராஜி அத்தை, இதுவும் அதேதான்! தியா யசோதையா குனிஞ்சு அதட்டிட்டு, அப்படியே திரும்பி கிருஷ்ணனா அண்ணாந்து வாயத் திறப்பாள்ல?

ராஜி சித்தி: ஆமா. அப்ப தியா ஆடறது உண்டுதானே?

பெரியப்பா: வேன் பத்தி யாரும் சொல்லலை.

கார்த்தி: பிரபா, டிபன் டப்பா குடுக்கற இடம் மட்டும் வரவே மாட்டேங்குது. கண்ணாடி முன்னாடி பாத்தேன். அம்மாவா நீட்டறேன், திரும்பறேன், டப்பாவும் என்கூடவே சுத்திடுது. குடுத்த மாதிரியே தெரியல.

பிரபா: டப்பாவ நகத்தாத, நீ மட்டும் நகரு. அம்மாவா வலது கையில டப்பாவ இடுப்பு உயரத்துக்கு நீட்டு. அப்படியே அந்தரத்துல நிறுத்து. கைய அசைக்காம, காலெடுத்து வச்சு டப்பாவச் சுத்தி அந்தப் பக்கம் போ. இப்ப நீ பையன். பையனுக்கு அதே டப்பா நெஞ்சு உயரத்துல இருக்கணும், அதனால முட்டிய மடக்கி உன்ன சின்னதாக்கு. இடது கையால அடியப் பிடி, அப்புறம் வலது கைய விடு. வாங்கினதுக்கப்புறம் அரை நொடி பேசாம நில்லு. ஜனம் ரெண்டு பேரையும் பாத்துடும்.

கார்த்தி: ஓ, டப்பாதான் நடுத்தூணா!

பிரபா: அதே. அம்மாவுக்குத் துண்டு, பையனுக்குத் தோள்பைன்னு போடறது முதல் நாலஞ்சு மாத்தலுக்குத்தான். ஜனத்துக்குப் பழகிட்டா கீழ வச்சுட்டு தலைய மட்டும் திருப்பு. கடைசில சண்டை வேகமெடுக்கறப்ப துண்டு மாத்திட்டிருந்தா எடுபடாது.

மூர்த்தி மாமா: எதுக்கு இவ்ளோ? வீடியோவா எடுத்துப் போட்டுடலாம். என் போன்ல எடுத்தா சூப்பரா வரும்.

பிரபா: எடுக்கலாம் மாமா, அம்மா வசனம் மொத்தத்தையும் முதல்ல எடுத்துட்டு, அப்புறம் மகன். ஆனா நடுவுல வெளிச்சம் மாறினா அம்மா காலைலயும் மகன் சாயங்காலமும் பேசற மாதிரி இருக்கும். அந்த மண்டபத்துல திரை இருக்கான்னே தெரியல.

செல்வி அத்தை: மைக் உண்டு. கையில பிடிக்கிறது.

கார்த்தி: ஐயோ, ஒரு கை போச்சே. டப்பா எப்படி கை மாத்தறது?

மூர்த்தி மாமா: சட்டைல குத்தற மைக் என் பிரண்டுகிட்ட இருக்கு.

பிரபா: அதுன்னா துண்டு அது மேல உரசி கரகரன்னு கேக்கும். மைக் இடது காலர்ல, துண்டு வலது தோள்ல. இல்லன்னா துண்ட இடுப்புல சொருகிக்கோ.

அம்மா: துண்டு எதுக்கு? நான் என்ன துண்டு போட்டுட்டா நிக்கிறேன்? முந்தானைய சொருகுவேன்.

மூர்த்தி மாமா: அதான் முதல்லயே புடவைன்னு சொன்னேன்.

செல்வி அத்தை: வசனத்துல டப்பா மூடிய தொலைச்சுட்டு வர்றது இருக்குல்ல கார்த்தி?

ராஜி சித்தி: மூடின்னதும் ஞாபகம் வருது. வளைகாப்புக்கு வாங்கிட்டுப் போன என் இட்லிப் பானை மூடி இன்னும் வரல. யார்னு சொல்ல விரும்பல.

செல்வி அத்தை: பானையே மூடி இல்லாமதான் வந்துச்சு.

ராஜி சித்தி: நான் அண்ணிய சொல்லவே இல்லையே.

மூர்த்தி மாமா: கார்த்தி, இத அப்படியே மேடைல போடு 😂

அம்மா: அதெல்லாம் ஒண்ணும் வேணாம், விசேஷ வீடு. டேய், எவர்சில்வர் டப்பா கொண்டு போகாத. பிளாஸ்டிக் எடுத்துட்டுப் போ.

கார்த்தி: கீழ வைக்கறப்ப ணங்குன்னு சத்தம் வரணும்மா. அப்பதான் கோவம் தெரியும்.

அம்மா: அப்ப பேர் வெட்டினத எடுத்துக்கோ.

ராஜி சித்தி: தியாவுக்கு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. கார்த்திக்கு முன்னாடியா பின்னாடியா?

பெரியப்பா: வேன் 4 மணியா 4.30யா, அத மட்டும் யாராவது சொல்லுங்கப்பா.

மூர்த்தி மாமா: 👍