புதுப்பிப்பு: பேராசிரியருக்கான மின்னஞ்சல், திருத்திய வடிவம்

முதலில் கேட்டது: “‘சார் ஃபீவர், நாளைக்கு ரிப்போர்ட் முடியாது, 2 நாள் டைம் குடுங்க ப்ளீஸ்’. இதை மெயிலா எப்படி மாத்துறது?”

“‘மதிப்பிற்குரிய’, ‘தாழ்மையுடன்’ சேர்த்தால் போதும்” என்று ஒருவர் எழுதியிருந்தார். பாதி சரி. மரியாதைச் சொல் வேண்டும்தான். ஆனால் உண்மையான குறை வேறு. யார், எந்தப் பாடம் என்பதே அதில் இல்லை. பேராசிரியர் மெயிலை மறுநாள் திறந்தால் ‘நாளைக்கு’ என்பது தவறான தேதியாகிவிடும். ‘2 நாள்’ எப்போதிலிருந்து என்பதும் தெரியாது. பல வகுப்பு எடுக்கும் அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் சொன்னபடி, தேதியும் நேரமும் இருந்தால் ‘சரி’ என்று ஒரே சொல்லில் பதில் தந்துவிடலாம்.

திருத்தியது:

> பொருள்: ஆய்வக அறிக்கை 3: மார்ச் 14 வரை அவகாசம் வேண்டி
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். நான் இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவி. காய்ச்சல் காரணமாக, மார்ச் 12 அன்று தரவேண்டிய அறிக்கையை முடிக்க இயலவில்லை. அளவீடுகள் முடிந்தன, கணக்கீடு மட்டும் மீதம். மார்ச் 14 மாலை 5 மணிக்குள் சமர்ப்பிக்க அனுமதி வேண்டுகிறேன்.
>
> நன்றி.
> பெயர், பதிவு எண்

‘அளவீடுகள் முடிந்தன’ என்ற வரியை வெட்டாதீர்கள். கேட்கும் அவகாசம் ஏன் போதும் என்பதை அதுதான் காட்டுகிறது.

பரிந்துரைக் கடிதம் கேட்க இதையே பயன்படுத்தலாமா என்றார் இன்னொருவர். வேண்டாம், அதற்கு விண்ணப்ப விவரமும் மதிப்பெண் பட்டியலும் இணைத்துத் தனியாக எழுதவேண்டும்.

மருத்துவச் சான்றிதழை முதல் மெயிலிலேயே இணைப்பதா, கேட்டபின் தருவதா என்பதில் மட்டும் இன்னும் இரண்டு கருத்து ஓடுகிறது.