முட்டுக் கொடுத்த கான்டிலீவர்: தூணுக்கு எவ்வளவு பாரம் போகும்?

தூண்பித்தன்: ஒரு பட்டறை முகப்பு. 4 மீட்டர் ஸ்டீல் பீம், ஐ.எஸ்.எம்.பி. 200. ஒரு முனை பிரதான தூணில் இறுக்கமாக வெல்டிங், மறுமுனை பைப் தூண் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. பாரம் மீட்டருக்கு 6 கிலோநியூட்டன். மொத்தம் 24 என்பதால் காண்ட்ராக்டர் பைப்புக்குப் பாதி, 12 என்று எழுதியிருந்தார். நான் கணக்கில் பைப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். w மீட்டருக்கான பாரம், L பீமின் நீளம், E ஸ்டீலின் விறைப்பு, I பீமின் குறுக்குவெட்டு வடிவத்தால் வரும் விறைப்பு என்று வைத்தால், முனை `wL⁴/8EI`, அதாவது சுமார் 43 மி.மீ. தொங்கும். பைப் R என்ற விசையால் அதை `RL³/3EI` அளவுக்கு மேலே தள்ளுகிறது. பைப் அசையாது என்றால் இரண்டும் சமம், அப்போது `R = 3wL/8`. பைப்புக்கு 9 தான் வருகிறது. மீதி 15 வெல்டிங் பக்கம் போகிறது, அங்கே பீமை வளைக்கும் மொமெண்ட் 12 கிலோநியூட்டன் மீட்டர்.

மூன்றாம்_ஆண்டு: EI இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகிறதே! அப்படியானால் எந்த செக்‌ஷன் போட்டாலும் அதே 9 தானே?

பழைய_லெவல்: தம்பி, பைப் இறங்காதவரைக்கும் நீங்கள் சொல்வது சரி. நான் பார்த்த ஒரு ஷெட்டில் முனைத் தூணின் அஸ்திவாரம் கொட்டிய மண் மேல் நின்றது, ஒரு மழைக்காலத்தில் இறங்கிவிட்டது. இறக்கம் δ என்றால் சமன்பாட்டின் வலப்பக்கம் பூஜ்யம் இல்லை:

`wL⁴/8EI − RL³/3EI = δ`

இப்போது EI அடிபடாது. மேலே சொன்ன பீமுக்கே 10 மி.மீ. இறக்கம் வைத்துப் பாருங்கள். R 6.9 ஆகக் குறையும், வெல்டிங் பக்க மொமெண்ட் 12-லிருந்து 20.4-க்கு ஏறும். பயந்துபோய் இரண்டு மடங்கு I உள்ள பீம் போட்டால் R இன்னும் குறைந்து 4.8, மொமெண்ட் 28.8. விறைப்பான பீமுக்குத் தூண் இறங்கினால் பிடிக்காது. ஷெட்டில் தூணைத் தட்டிப் பார்க்காதீர்கள், வெல்டிங் பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மாடிவீடு: எங்கள் வீட்டு கான்கிரீட் சன்ஷேடு தொங்கிவிட்டது, மேஸ்திரி பிறகு ஒரு தூண் வைத்தார். அதுவும் 3/8 பாரம் தாங்குகிறதா?

தூண்பித்தன்: இல்லைங்க. தொங்கிய பிறகு ஜாக்கி போட்டுத் தூக்காமல் சும்மா சேர்த்து வைத்த தூண், ஏற்கெனவே இருந்த பாரத்தை அப்போது வாங்காது. அதற்கப்புறம் வருகிற பாரத்துக்கும், கான்கிரீட் காலப்போக்கில் மேலும் தொங்கப் பார்ப்பதற்கும்தான் அது எதிர்த்து நிற்கும். மேஸ்திரி ஜாக்கி போட்டாரா? இன்னொன்று, கான்டிலீவருக்குக் கம்பி மேல்பக்கம்தான் இருக்கும். தூண் நன்றாகத் தாங்க ஆரம்பித்தால் நடுவில் அடிப்பக்கம் இழுபடும். அங்கே குறுக்கு விரிசல் வருகிறதா பாருங்கள்.

மாடிவீடு: ஜாக்கி எல்லாம் இல்லை, ஆப்பு அடித்தார்.

பழைய_லெவல்: ஆப்பு எவ்வளவு தூக்கியது என்பது தெரிந்தால்தான் கணக்கே. அதிலும் விரிசல் விட்ட கான்கிரீட்டுக்கு எந்த I போடுவது என்று நாங்கள் அலுவலகத்தில் இன்னும் சண்டை போடுகிறோம்.