புதுப்பிப்பு: ஆடித் தள்ளுபடி முன்னழைப்பு மெயில், எது பலித்தது

நான் கேட்டிருந்தது: "ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் மெயில் அனுப்பப் போகிறோம். ஊருக்கே போகும் விளம்பரம் போலத் தெரியாமல் எப்படி எழுதுவது?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலித்தது, "ஏன் அவருக்கு என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள்" என்ற அண்ணனின் யோசனைதான். "போன ஆடியிலிருந்து எங்களிடம் நான்கு சேலை எடுத்திருக்கிறீர்கள். அதனால் உங்களுக்கு வியாழனன்றே விற்பனை தொடங்குகிறது, மற்றவர்களுக்குச் சனிக்கிழமை" என்று தொடங்கினோம். எண்ணிக்கை பில் பதிவிலிருந்து தானாக விழும்.

தலைப்பில் 'பிரத்யேகம்' போடச் சொன்னவர் பாதி சரி. பட்டியலை இரண்டாகப் பிரித்து அனுப்பியதில், கிழமையைச் சொன்ன தலைப்புக்கே ஆர்டர் அதிகம். எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கைப் பார்க்கவில்லை. மெயிலில் உள்ள படம் இறங்குவதை வைத்துத்தான் அந்தக் கணக்கு வருகிறது; ஆப்பிள் மெயில் 2021 முதல் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுவதால் படிக்காத மெயிலும் திறந்ததாகக் காட்டும்.

எதிர்பாராதது: தள்ளுபடிக் குறியீடு குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. ஆளுக்கொரு குறியீடு, ஒருமுறைதான் செல்லும் என்று மாற்றிய பிறகு நின்றது.

தன் நகைக்கடை அனுபவத்தைச் சொல்லி, வாட்ஸ்அப்பிலேயே அனுப்பச் சொன்ன அக்காவுக்கு: அதை இன்னும் முயலவில்லை. அப்புறம், ஒரே ஒரு சேலை எடுத்தவர்களுக்கு அந்த முதல் வரியை எப்படி எழுதுவது என்பது இன்னும் பிடிபடவில்லை.