உதவி: அழைப்பிதழ் புரூஃபில் ஓர் எழுத்துப் பிழை, அச்சகத்துக்கு எப்படி எழுதுவது?

மணமகளின்_அண்ணன்: அவசரம். தங்கை கல்யாண அழைப்பிதழில் ஓர் எழுத்து தவறாக இருக்கிறது. அச்சக உரிமையாளர் அப்பாவின் நண்பர். குற்றம் சொல்வதுபோலத் தெரியாமல் இரண்டு வரியில் எப்படி எழுதுவது? யாராவது எழுதித் தாருங்கள்.

வைகைக்கரை: எந்த எழுத்து? எந்த இடம்? சரி என்று ஏற்கெனவே சொல்லிவிட்டீர்களா?

கோமதி_அக்கா: எங்கள் வீட்டிலும் இப்படித்தான் ஆயிற்று தம்பி. மண்டபத்தின் பெயர் தவறிவிட்டது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையிலும் சிறு சீட்டு ஒட்டினோம். தங்க நிறத்தாள் வாங்கினால் தெரியாது.

வைகைக்கரை: அக்கா, அவருக்கு இன்னும் அச்சே ஆகவில்லை. புரூஃப் என்றுதானே தலைப்பிலேயே இருக்கிறது.

தட்டச்சுத்_தம்பி: இது எழுத்துரு கோளாறு. அச்சகங்களில் இன்னும் பழைய எழுத்துருக்களைத்தான் வைத்திருக்கிறார்கள். முழு வாசகத்தையும் யூனிகோடில் அடித்து அனுப்புங்கள், தீர்ந்தது.

புலவர்_வீடு: பிழை எது என்று சொல்லாமல் பிழைதிருத்தம் கேட்கிறார்கள். தமிழ் படித்த ஒருவரிடம் முதலிலேயே காட்டியிருக்கலாம்.

மணமகளின்_அண்ணன்: மன்னிக்கவும். கயல்விழி என்பது 'கயல்விளி' என்று வந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் படமாகத்தான் அனுப்பினார்கள். இன்னும் சரி என்று சொல்லவில்லை.

ஈய_எழுத்து: நான் அச்சகத்தில் வேலை பார்த்தவன். மூன்று கேள்விகள். பெயர் அழைப்பிதழில் எத்தனை இடத்தில் வருகிறது? எல்லா இடத்திலும் தவறா? 'அழைப்பிதழ்' என்ற சொல்லில் ழகரம் சரியாக இருக்கிறதா?

மணமகளின்_அண்ணன்: இரண்டு இடம். அட்டையில் தங்க எழுத்தில் சரியாக இருக்கிறது. உள்ளே வலப்பக்கம் நான்காவது வரியில் மட்டும் தவறு. 'அழைப்பிதழ்' சரிதான்.

ஈய_எழுத்து: அப்படியானால் இது எழுத்துரு கோளாறு இல்லை. எழுத்துருவில் கோளாறு என்றால் எல்லா ழகரமும் கெட்டிருக்கும். இது விரல் தவறியது. அவர்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிப்பவர்கள் என்றால் o விசைக்குப் பதில் s விழுந்திருக்கும்: `tpop` என்றால் விழி, `tpsp` என்றால் விளி. மாற்ற வேண்டியது ஒரே விசை. முழு வாசகத்தையும் நீங்கள் யூனிகோடில் அனுப்பினால் அவர்களின் பழைய எழுத்துருவில் அது வராது. எல்லாவற்றையும் புதிதாக அடிப்பார்கள், புதுப் பிழைகள் வரும். தங்க எழுத்துக்குத் தனி அச்சுக்கட்டை செய்ய வேண்டும். அங்கே பெயர் சரியாக இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். அதைத் தொட வேண்டாம் என்று தெளிவாக எழுதுங்கள்.

தட்டச்சுத்_தம்பி: பாமினிதான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஈய_எழுத்து: தெரியாது. அதனால்தான் 'என்றால்' போட்டேன்.

வைகைக்கரை: ஒரு போன் போட்டால் முடிந்துவிடுமே.

ஈய_எழுத்து: ழகரத்தையும் ளகரத்தையும் போனிலா சொல்வது? காதில் விழுவது வேறு, கை அடிப்பது வேறு. எழுத்தில் அனுப்பிவிட்டு, பிறகு போன் செய்து சொல்லுங்கள்.

புலவர்_வீடு: திருத்துவதே திருத்துகிறீர்கள், 'திருவளர்ச்செல்வி' என்று போட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள். திருவளர்செல்விதான் சரி. வினைத்தொகையில் வல்லினம் மிகாது.

கோமதி_அக்கா: எங்கள் ஊரில் எல்லாப் பத்திரிகையிலும் ச் போட்டுத்தான் அடிக்கிறார்கள். அதனால் எந்தக் கல்யாணமும் நிற்கவில்லை.

புலவர்_வீடு: ஊரே தவறாக எழுதினால் இலக்கணம் மாறாது.

வைகைக்கரை: மாறியிருக்கிறது ஐயா, பல இடத்தில். வேறு இழை தொடங்குங்கள்.

ஈய_எழுத்து: இலக்கணத்தில் புலவர் சொல்வது சரி. ஆனால் அண்ணே, அதை மாற்றுவதா வேண்டாமா என்று வீட்டில் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். மாற்றுவதானால் இதே குறிப்பில் சேருங்கள். இன்று ஒன்று, நாளை ஒன்று என்று போனால் எது கடைசிப் படி என்று அவர்களுக்குக் குழம்பிவிடும். பெயரை மட்டும் திருத்துவதென்றால் இப்படி எழுதலாம்:

> ஐயா, வணக்கம். புரூஃப் பார்த்தோம், அழகாக வந்திருக்கிறது. உள்ளே வலப்பக்கம், மேலிருந்து 4-வது வரியில் மணமகள் பெயர் 'கயல்விளி' என்று உள்ளது. 'கயல்விழி' என்று மாற்றித் தாருங்கள் ('அழைப்பிதழ்' என்பதில் வரும் ழ). அட்டையில் பெயர் சரியாக இருக்கிறது. வேறு எதையும் மாற்ற வேண்டாம். திருத்திய புரூஃபை அனுப்புங்கள். நாங்கள் பார்த்துச் சரி என்று எழுதிய பிறகு அச்சுக்குப் போகட்டும்.

அந்த வரியை வட்டமிட்டு, படத்தையும் இணைத்து அனுப்புங்கள். 'தவறாக அடித்துவிட்டீர்கள்' என்று எழுதாமல் 'என்று உள்ளது' என்று எழுதினால் யாரையும் குற்றம் சொன்னதாகாது.

மணமகளின்_அண்ணன்: அனுப்பினேன். 'ச்' இருக்கட்டும் என்று பாட்டி சொல்லிவிட்டார். திருத்திய படி வந்தது, பெயர் சரி. ஆனால் அதே பக்கத்தில் '9.00 மணிக்குள்' என்பதில் 'குள்' மட்டும் அடுத்த வரிக்குப் போயிருக்கிறது.

ஈய_எழுத்து: வரியைப் புதிதாக அடித்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் முழுவதையும் பழைய படியோடு வரிக்கு வரி ஒப்பிடாமல் சரி என்று எழுதாதீர்கள். முகூர்த்த நேரத்தையும் தேதியையும் முதலில் பாருங்கள்.

புலவர்_வீடு: பாட்டிக்கு வினைத்தொகையை யாராவது விளக்கினீர்களா?